முதுகெலும்புக் காயமும் உறுப்பினர் காலத்தின் இடைநிறுத்தமும்: சென்னை உடற்பயிற்சிக் கூடங்களையும் நீச்சல் குளங்களையும் முன்வைத்து ஓர் ஆய்வு

மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய பகுதிகளின் உடற்பயிற்சிக் கூடங்களில் மாதக் கட்டணத்தைவிட ஆண்டுக் கட்டணமே சலுகையோடு விற்கப்படுவதால், உறுப்பினராகச் சேர்பவர் பெரும்பாலும் பன்னிரண்டு மாதத் தொகையை முதல் நாளிலேயே செலுத்திவிடுகிறார். அதன்பின் இடையில் முதுகெலும்பில் காயம் ஏற்பட்டு மருத்துவர் மூன்று மாத ஓய்வைப் பரிந்துரைத்தால், கூடம் நாள்தோறும் திறந்திருக்க, அவருடைய நாட்கள் மட்டும் பயனின்றிக் கழிந்துகொண்டிருக்கும். இந்த நாட்களைக் கணக்கில் சேர்க்காமல் உறுப்பினர் காலத்தின் முடிவுத் தேதியைத் தள்ளிவைப்பதையே இடைநிறுத்தம் என்கிறோம்; வழக்கில் ‘மெம்பர்ஷிப்பை ஃப்ரீஸ் பண்ணுவது’ என்பார்கள். இதை உறுப்பினர் உரிமையாகக் கோரலாமா, மருத்துவரின் சான்று அந்தக் கோரிக்கைக்கு எவ்வளவு வலுச் சேர்க்கிறது, மறுப்பு வந்தால் எங்கே போவது என்பவை இக்கட்டுரை ஆராயும் கேள்விகள். கோரிக்கை வெல்வதும் தோற்பதும் காயத்தின் கடுமையைவிட, கடிதம் கொடுத்த தேதியையும் சான்றின் வாசகத்தையும் பொறுத்தே பெரும்பாலும் அமைகின்றன என்பது இக்கட்டுரையின் கருத்து.

முதலில் சட்டத்தின் நிலையைப் பார்க்கலாம். கட்டணத்தைப் பெற்றுக்கொண்டு குறிப்பிட்ட காலத்துக்குச் சேவை தருவதாகக் கூடம் வாக்களிக்கிறது. உறுப்பினர் அந்த வாக்கைப் பெற்றவர். வாக்கைப் பெற்றவர் அதை நிறைவேற்றுவதற்கான காலத்தை நீட்டித்துத் தரலாம் என்று 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 63ஆம் பிரிவு கூறுகிறது. இதை மட்டும் படிப்பவர், உறுப்பினர் தாமாகவே காலத்தை நீட்டிக்கொள்ளலாம் போலும் என்று எண்ணக்கூடும். ஆனால் கேசவ்லால் லல்லுபாய் படேல் வழக்கில் 1958இல் உச்ச நீதிமன்றம், வாக்கைப் பெற்றவர் தம் சொந்த நலனுக்காக ஒருதலையாகக் காலத்தை நீட்டிக்க முடியாது, நீட்டிப்புக்கு இரு தரப்பின் உடன்பாடும் வேண்டும் என்று தெளிவாக்கியது. ஆகவே உறுப்பினரின் கடிதம் ஒரு முன்மொழிவு மட்டுமே. கூடம் அதை ஏற்றுக்கொண்டதாகப் பதில் வரும்வரை நாட்கள் ஓடிக்கொண்டேதான் இருக்கும். வரவேற்பு மேசையில் இருப்பவர் ‘சரி, பார்த்துக்கலாம் சார்’ என்று சொல்வதை உடன்பாடாக நம்பி வீடு திரும்புபவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

நிறைவேற்றவே முடியாமல் போன ஒப்பந்தம் செல்லாததாகிவிடும் என்று கூறும் 56ஆம் பிரிவையும் சிலர் சுட்டுவதுண்டு. அந்த வாதம் இங்கு வலுவற்றது. 2020இல் ஊரடங்கு தொடங்கிய மார்ச்சு மாதத்திலிருந்து ஆகஸ்டு 10 வரை தமிழ்நாட்டின் உடற்பயிற்சிக் கூடங்கள் அரசாணையால் மூடிக்கிடந்தபோது, சேவையைத் தர இயலாத நிலையில் கூடமே இருந்தது. அதனால் அந்த நாட்களை ஈடுசெய்யுமாறு கேட்க உறுப்பினர்களுக்கு நல்ல அடிப்படை இருந்தது. முதுகெலும்புக் காயத்திலோ கூடத்தின் கதவு திறந்திருக்கிறது, கருவிகள் தயாராக இருக்கின்றன, வர இயலாதவர் உறுப்பினர் மட்டுமே. இந்த வேறுபாட்டை நேர்மையாக ஒப்புக்கொண்டு எழுதப்படும் கடிதம், சட்டப் பிரிவுகளை அடுக்கி மிரட்டும் கடிதத்தைவிட எளிதில் ஏற்கப்படும். ஒரு விதிவிலக்கு உண்டு: தனிப் பயிற்சியாளரிடம் எண்ணிக்கைக் கணக்கில் வாங்கிய வகுப்புகளில் மீதமிருப்பவை இன்னும் தரப்படாத சேவைகள். அவற்றுக்கான தொகை பற்றிய கோரிக்கை ஆண்டு உறுப்பினர் காலத்தைப் பற்றிய கோரிக்கையைவிட உறுதியான தளத்தில் நிற்பதால், அதைத் தனியாகக் கேட்பதே முறை.

அடுத்தது மருத்துவப் பகுதி. முதுகெலும்புக் காயம் என்ற ஒரே பெயருக்குள் மிக வேறுபட்ட நிலைகள் அடங்கியுள்ளன. முள்ளெலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் அமைந்த வட்டு பிதுங்கி நரம்பை அழுத்துவது ஒன்று; ‘டிஸ்க் விலகிவிட்டது’ என்று பொதுவாகச் சொல்லப்படும் இந்நிலை இடுப்புப் பகுதியின் கடைசி இரு வட்டுகளில் அதிகம் காணப்படும், பெரும்பாலோருக்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களில் அறுவை சிகிச்சை இன்றியே தணிந்துவிடும். இரு சக்கர வண்டியிலிருந்து அல்லது படியிலிருந்து விழுந்து, முள்ளெலும்பின் முன்பகுதி நசுங்கி ஆப்பு வடிவில் குறுகிவிடுவது இன்னொன்று. மார்பு முதுகும் இடுப்பு முதுகும் சேரும் இடத்தில் இது மிகுதியாக நேர்கிறது. எலும்பு நிலையாக இருந்தால் இறுக்கமான முதுகுப் பட்டையுடன் எட்டு முதல் பன்னிரண்டு வாரங்கள் காத்திருப்பது வழக்கமான சிகிச்சை. இவ்விரண்டிலிருந்தும் முற்றிலும் வேறானது தண்டுவடக் காயம், அதாவது எலும்புக்குள் ஓடும் நரம்புத் தண்டே சேதமடைவது. அங்கு மீட்சி மாதங்களிலிருந்து ஆண்டுகள்வரை நீளும், முழுமையாக மீளாமலும் போகலாம். அத்தகையோர் இடைநிறுத்தம் கேட்பதைவிட உறுப்பினர் ஒப்பந்தத்தையே முடித்துக்கொண்டு எஞ்சிய தொகையைத் திரும்பக் கேட்பதே பொருத்தம். கால்களில் வலுக் குறைவது, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போவது, சிறுநீர் வெளியேறாமல் நிற்பது ஆகிய அறிகுறிகள் தோன்றினால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும், கடிதமெல்லாம் பிறகுதான்.

நீச்சல் குளத்தைப் பொறுத்தவரை ஒரு பொதுவான தவறான எண்ணம் கோரிக்கைக்குக் குறுக்கே நிற்கிறது. நீச்சல் முதுகுக்கு நல்லது என்று எல்லோரும் கேள்விப்பட்டிருப்பதால், குளத்தை நடத்துபவர் ‘தண்ணீரில் இறங்கினால் சரியாகிவிடுமே’ என்கிறார். இடுப்பளவு நீரில் நிற்கும்போது உடல் எடையில் ஏறத்தாழ பாதியை நீர் தாங்கிக்கொள்கிறது என்பது உண்மைதான், அதனால்தான் மீட்சியின் பிற்பகுதியில் நீரில் நடக்கும் பயிற்சி பரிந்துரைக்கப்படுகிறது. ஆனால் நீரில் நடப்பது வேறு, நீந்துவது வேறு. தவளை நீச்சலிலும் பட்டாம்பூச்சி நீச்சலிலும் ஒவ்வொரு மூச்சுக்கும் இடுப்பு பின்னோக்கி வளைகிறது. முன்நீச்சலில் மூச்சுக்காகத் திரும்பும்போது முதுகு முறுக்கப்படுகிறது. சுவரில் புரண்டு திரும்புவதும் பலகையிலிருந்து குதிப்பதும் நசுங்கிய எலும்புக்கு நேரடி ஆபத்து. ஈரமான தரையில் வழுக்குவதையும் செங்குத்தான ஏணியில் ஏறி இறங்குவதையும் இவற்றோடு சேர்க்க வேண்டும். அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் தையல் முழுதாக ஆறும்வரை குளத்தில் இறங்கவே கூடாது. இவற்றை எல்லாம் உறுப்பினர் வாயால் விளக்கிக்கொண்டிருக்கத் தேவையில்லை, மருத்துவர் எழுதித் தரும் ஒரு பக்கம் விளக்கிவிடும்.

அந்த ஒரு பக்கத்தில் என்ன இருக்க வேண்டும் என்பதுதான் இப்பொருளின் மையம். பல சான்றுகளில் நோயின் பெயரும் ‘ஓய்வு பரிந்துரைக்கப்படுகிறது’ என்ற வரியும் மட்டுமே இருக்கும். கூடத்தின் மேலாளருக்கு வட்டின் எண்ணால் பயனில்லை. எந்தச் செயல் கூடாது, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை கூடாது, மறுபரிசோதனை எப்போது என்ற மூன்றும் தெரிந்தால் அவர் முடிவெடுக்கலாம். ‘எடை தூக்குதல், ஓட்டப் பொறியில் ஓடுதல், நீச்சல் உள்ளிட்ட எல்லா உடற்பயிற்சிக் கூடச் செயல்களையும் 20.07.2025 முதல் 11.10.2025 வரை தவிர்க்க வேண்டும், 10.10.2025 அன்று மறுபரிசோதனைக்குப் பின் தொடர்வது பற்றித் தீர்மானிக்கப்படும்’ என்ற வாசகம் போதும். முழு எம்.ஆர்.ஐ. அறிக்கையையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் வரவேற்பு மேசையில் கொடுப்பது தேவையற்றது, விரும்பத்தக்கதும் அன்று. ஒருவருடைய உடல்நிலை பற்றிய முழு விவரம் பயிற்சியாளர்களின் கைப்பேசிகளில் சுற்றுவதற்கு எந்தக் காரணமும் இல்லை.

சான்று தரும் மருத்துவருக்கும் விதிகள் உண்டு. 2002ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதிமுறைகளின்படி அவர் தரும் சான்றில் பதிவு எண் இருக்க வேண்டும், வழங்கிய சான்றுகளுக்குப் பதிவேடு பராமரித்துப் படியையும் வைத்துக்கொள்ள வேண்டும். பொய்ச் சான்று தருவது ஒழுங்கு நடவடிக்கைக்குரிய குற்றம். இதிலிருந்து பிறக்கும் ஒரு நடைமுறை விளைவைப் பலர் எண்ணிப்பார்ப்பதில்லை: விழுந்து பத்து நாள் கழித்து முதன்முறை தம்மிடம் வருபவருக்கு, அந்தப் பத்து நாளைப் பற்றி மருத்துவர் நேர்மையாகச் சான்றளிப்பது கடினம். அந்த இடைவெளியை நிரப்புவது முதல் நாள் அவசரச் சிகிச்சைப் பிரிவில் தந்த ஓ.பி. சீட்டு, சாலை விபத்தானால் இராயப்பேட்டை அரசு மருத்துவமனை போன்ற இடங்களில் எழுதப்படும் விபத்துப் பதிவேட்டின் படியும் உதவும். மருத்துவப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று அதே விதிமுறைகள் கூறுவதால், தொலைந்த சீட்டுக்காகக் கோரிக்கையைக் கைவிட வேண்டியதில்லை. பிசியோதெரபி நிலையத்தின் கடிதம் துணைச் சான்றாகப் பயன்படும்; ஆனால் தடைக் காலத்தை நிர்ணயிப்பது பதிவு பெற்ற மருத்துவரின் கையெழுத்தாக இருப்பதே பாதுகாப்பு.

ஒரு கற்பனைக் கணக்கைக் கொண்டு இதைத் தெளிவாக்கலாம். மந்தைவெளியில் வசிக்கும் ஒருவர் தியாகராய நகரின் ஒரு கூடத்தில் 2025 ஏப்ரல் 1 முதல் 2026 மார்ச்சு 31 வரையிலான ஓராண்டுக்கு வரி உட்பட 18,000 ரூபாய் செலுத்தியிருக்கிறார். ஜூலை 20 அன்று வண்டியிலிருந்து விழுந்து முள்ளெலும்பு நசுங்குகிறது. மருத்துவர் மேலே சொன்ன 84 நாள் தடையை எழுதித் தருகிறார். கூடத்தின் விண்ணப்பப் படிவமோ, ஆண்டுக்கு 30 நாள் வரை மட்டுமே இடைநிறுத்தம் உண்டு, அதையும் முன்கூட்டியே கேட்க வேண்டும், கடந்த நாட்களுக்குத் தரப்படமாட்டாது என்கிறது. இவ்வகை நிபந்தனைகள் பரவலானவை. படிவத்தின்படி மட்டும் நடந்தால் முடிவுத் தேதி 2026 ஏப்ரல் 30 ஆகும். சான்றின்படி நடந்தால் ஜூன் 23 ஆகும். இடையிலுள்ள 54 நாட்களே உண்மையான சச்சரவு. நாளொன்றுக்கு 49.30 ரூபாய் என்று கொண்டால் அதன் மதிப்பு ஏறத்தாழ 2,660 ரூபாய். வழக்காடுவதற்குச் சிறிய தொகை, விட்டுவிடுவதற்குப் பெரிய தொகை. நல்ல கடிதம் ஒன்று தேவைப்படுவது இதனால்தான்.

அந்தக் கடிதம் பின்வருமாறு அமையலாம். ‘மேலாளர் அவர்களுக்கு, வணக்கம். எனது உறுப்பினர் எண்ணும் காலமும் மேலே தரப்பட்டுள்ளன. 20.07.2025 அன்று ஏற்பட்ட முதுகெலும்புக் காயத்தால் 11.10.2025 வரை உடற்பயிற்சி செய்யக் கூடாது என்று மருத்துவர் எழுதித் தந்த சான்றை இணைத்துள்ளேன். இந்த 84 நாட்களுக்கு என் உறுப்பினர் காலத்தை இடைநிறுத்தி, முடிவுத் தேதியை 23.06.2026 என்று மாற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். படிவத்தில் உள்ள 30 நாள் வரம்பு விடுமுறைப் பயணம் போன்ற விருப்பக் காரணங்களுக்கு ஏற்றது; மருத்துவத் தடைக்கு அதைத் தளர்த்த வேண்டுகிறேன். சான்றின் காலம் நீண்டால் புதிய சான்றுடன் மீண்டும் எழுதுவேன். புதிய முடிவுத் தேதியைக் குறிப்பிட்டு மின்னஞ்சலில் பதில் தர வேண்டுகிறேன்.’ இதை மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு, ஒரு படியைக் கூடத்தில் கொடுத்து முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ள வேண்டும். படுக்கையில் இருப்பவருக்காக வீட்டார் கொண்டுபோய்க் கொடுக்கலாம். இங்கே அவசரம் பணத்துக்காக அன்று, தேதிக்காக: கடந்த நாட்களுக்குத் தரமாட்டோம் என்ற நிபந்தனை இருக்கும்போது, விழுந்த நான்காம் நாளே கொடுத்த கடிதம் நான்கு நாட்களை மட்டுமே சச்சரவுக்குள் விடுகிறது, முதுகுப் பட்டையைக் கழற்றிய பிறகு கொடுக்கும் கடிதம் எல்லா நாட்களையும் விட்டுவிடுகிறது. முழுச் சான்று தயாராகாவிட்டால் ஓ.பி. சீட்டுடன் முதல் கடிதத்தைக் கொடுத்துவிட்டு, சான்றைப் பிறகு இணைப்பது நல்லது.

கூடம் பதிலாக ஒரு இடைவழியை முன்வைக்கலாம்: 30 நாளை இலவசமாகவும் மீதியைச் சிறு கட்டணத்துடனும் தருவது, அல்லது மீதிக் காலத்தைக் குடும்பத்தினர் ஒருவருக்கு மாற்றித் தருவது. கட்டணம் அந்த நாட்களின் மதிப்பைவிடத் தெளிவாகக் குறைவாக இருந்தால் முதல் வழி ஏற்கத்தக்கதே. இரண்டாவது வழி வீட்டில் உடற்பயிற்சிக்குச் செல்ல உண்மையில் விரும்பும் ஒருவர் இருந்தால்தான் பயன் தரும். அதிகச் சிக்கலான நிலை பாதி குணமான நிலை. பத்தாவது வாரத்தில் மருத்துவர் இலேசான நடைக்கும் நீரில் நடப்பதற்கும் அனுமதி தருகிறார். அதைக் கேட்ட குளம், இனி இடைநிறுத்தம் தேவையில்லை என்கிறது. ஆழமற்ற பகுதியும் அதற்கென ஒரு நேரமும் பயிற்சியாளர் ஒருவரும் இல்லாத குளத்தில் அந்த அனுமதியைப் பயன்படுத்த வழியில்லை என்பதை உறுப்பினர் எழுத்தில் சுட்ட வேண்டும். மருத்துவரும் ‘பிசியோதெரபி நிபுணரின் நேரடி மேற்பார்வையில் மட்டும்’ என்ற சொற்களைச் சேர்த்தால் இச்சிக்கல் எழாது. இதைவிட மோசமான இன்னொன்றும் நடக்கிறது: இடைநிறுத்தக் காலத்தில் உறுப்பினர் ஒருநாள் நண்பரைப் பார்க்கக் கூடத்துக்குள் நுழைந்து விரல்ரேகைக் கருவியில் பதிந்துவிட்டால், பல கூடங்களின் கணினி இடைநிறுத்தம் முடிந்ததாக எடுத்துக்கொள்ளும். அந்த மூன்று மாதமும் வாசலைத் தாண்டாமல் இருப்பதே நல்லது.

மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் உள்ள உறுப்பினர் சங்கங்களின் நிலை வேறு. சங்கப் பதிவுச் சட்டத்தின்கீழ் இயங்கும் ஒரு சங்கத்தில் உறுப்பினர் வாடிக்கையாளர் அல்லர், அதன் துணைவிதிகளுக்குக் கட்டுப்பட்ட பங்காளர். அங்கு கடிதம் கௌரவச் செயலாளருக்கு எழுதப்பட்டு நிர்வாகக் குழுவின் அடுத்த கூட்டத்தில் வைக்கப்படும்; கூட்டம் மாதம் ஒருமுறையே கூடுமானால் அதற்கு முன் கடிதம் சேர வேண்டும். பல சங்கங்களில் வெளியூரில் தங்குபவருக்கென விலகியிருக்கும் உறுப்பினர் என்ற வகை உண்டு, ஆனால் உள்ளூரில் படுக்கையில் இருப்பவர் அந்த வகைக்குள் வருவதில்லை. எனவே மாதச் சந்தாவைத் தொடர்ந்து செலுத்திக்கொண்டு, நீச்சல் குளத்துக்கும் உடற்பயிற்சி அறைக்கும் உரிய தனிக் கட்டணத்தை மட்டும் நிறுத்தும்படி கேட்பதே நடைமுறைக்கு ஒத்த வழி. பதில் வராத கோபத்தில் சந்தாவையும் நிறுத்தியவர், நிலுவைதாரர் பட்டியலில் பெயர் ஏறி உறுப்பினர் தகுதியையே இழக்க நேரிடலாம். கோடைக்கால நீச்சல் வகுப்புகளைப் பற்றி ஒரு சொல் போதும்: குறிப்பிட்ட நாட்களில் தொடங்கி முடியும் அணிகளில் காலத்தை நீட்டிக்க இயலாது, ஆகவே அடுத்த அணியில் இடம் கேட்க வேண்டும்.

பணம் செலுத்திய முறை பற்றிய ஒரு குழப்பம் வீட்டுச் செலவைத் தாக்கக்கூடியது. ஆண்டுக் கட்டணத்தைக் கடன் அட்டையிலோ நிதி நிறுவனத்தின் வழியாகவோ மாதத் தவணையாக மாற்றியவருக்கு, இடைநிறுத்தம் கிடைத்தாலும் தவணை நிற்காது. கூடம் தன் தொகையை முன்பே பெற்றுவிட்டது, தவணை கடன் கொடுத்தவருக்குப் போகிறது. தவணையைத் தவறவிட்டால் வட்டியும் கடன் மதிப்பெண் இறக்கமும்தான் மிஞ்சும். மாதந்தோறும் கூடமே நேரடியாகப் பிடித்துக்கொள்ளும் தானியங்கிப் பற்று வேறு வகை. ரிசர்வ் வங்கியின் விதிகளின்படி பணம் பிடிப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன் அறிவிப்பு வர வேண்டும், வாடிக்கையாளர் அந்த அனுமதியைத் திரும்பப் பெறவும் முடியும். ஆனால் கூடத்தின் எழுத்துப்பூர்வ ஒப்புதலுக்கு முன் அதை நிறுத்துவது ஒப்பந்த மீறலாகக் கருதப்படலாம் என்பதால், ஒப்புதல் முதலிலும் நிறுத்தம் பிறகும் வருவதே சரியான வரிசை.

முற்றாக மறுக்கப்பட்டால், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ஒரு வழியைத் தருகிறது. நுகர்வோர்மீது நியாயமற்ற கட்டணத்தையோ கடமையையோ நிபந்தனையையோ சுமத்தி அவரைப் பாதகமான நிலைக்குத் தள்ளும் ஒப்பந்தத்தை அச்சட்டத்தின் 2(46) பிரிவு நியாயமற்ற ஒப்பந்தம் என்று வரையறுக்கிறது. மருத்துவச் சான்று இருந்தும் ஒரு நாளைக்கூடத் தள்ளிவைக்க மறுக்கும் நிபந்தனை இந்த வரையறைக்குள் அடங்கும் என்று வாதிட நல்ல இடம் இருக்கிறது. ஆனால் ஒரு நிபந்தனை நியாயமற்றது என்று அறிவிக்கும் அதிகாரம் மாநில ஆணையத்துக்கே உண்டு, மாவட்ட ஆணையம் சேவைக் குறைபாடு என்ற அளவில்தான் பார்க்கும். படிவத்தில் எழுதியதையாவது தராமல் மறுப்பது சேவைக் குறைபாடு என்று காட்டுவது எளிது. எழுதாத ஒன்றைத் தரவில்லை என்று காட்டுவது கடினம். புகாரை உறுப்பினர் தாம் வசிக்கும் இடத்துக்குரிய மாவட்ட ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்யலாம். செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் இல்லை. எனினும் 2,660 ரூபாய்க்காக முதுகு வலியோடு விசாரணை நாட்களில் அமர்வதை யாருக்கும் பரிந்துரைக்க முடியாது. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் புகாரைப் பதிவுசெய்தால் அது நிறுவனத்துக்கு அனுப்பப்படும். இந்த அளவுத் தொகைக்கு அதுவே ஏற்ற முதல் படி.

வெளிநாடுகளில் இக்கேள்வி சட்டத்தாலேயே பெருமளவு தீர்க்கப்பட்டிருக்கிறது. நியூயார்க் மாநிலத்தின் வணிகச் சட்டம், கணிசமான உடல் இயலாமையால் ஆறு மாதத்துக்கு மேல் சேவையைப் பெற முடியாது என்று மருத்துவர் எழுதித் தந்தால் உறுப்பினர் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம் என்பதை ஒவ்வொரு கூடத்தின் ஒப்பந்தத்திலும் அச்சிட வைத்திருக்கிறது. இங்கிலாந்தில் 2011இல் ஆஷ்போர்ன் நிறுவனத்தின் வழக்கில் உயர் நீதிமன்றம், உறுப்பினர்களை நீண்ட குறைந்தபட்சக் காலத்துக்குக் கட்டிப்போடும் உடற்பயிற்சிக் கூட ஒப்பந்தங்களை நியாயமற்றவை என்று தீர்த்தது. இந்தியாவில் உடற்பயிற்சிக் கூட ஒப்பந்தங்களுக்கென இவ்வாறு தனிச்சட்டம் இல்லை, அதனால் ஒவ்வொரு உறுப்பினரும் தம் காயத்தோடு தனியாகப் பேரம் பேச வேண்டியிருக்கிறது. சேரும்போது நிரப்பப்படும் படிவத்தின் அடியில், பதிவு பெற்ற மருத்துவர் எழுதித் தரும் தடைக் காலம் முழுவதும், அதிகபட்சம் ஆறு மாதம்வரை, கட்டணமின்றி முடிவுத் தேதி தள்ளிவைக்கப்படும் என்ற ஒரு வரியைக் கூடங்கள் அச்சிட்டால் அவற்றுக்குப் பெரிய இழப்பில்லை. அந்த உறுப்பினர் எப்படியும் அந்த நாட்களில் வரப்போவதில்லை. அதுவரை, பணம் கட்டும் முன் அந்த வரியைக் கையால் எழுதி மேலாளரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளப் புதிதாகச் சேர்பவருக்கு எந்தத் தடையும் இல்லை. உறுப்பினரைச் சேர்த்துக்கொள்ளும் ஆவல் கூடத்துக்கு மிகுந்திருக்கும் அந்த நாளில் அதைப் பெறுவது, விழுந்த பிறகு பெறுவதைவிடப் பல மடங்கு எளிது.